மொளிக்குப் பின்னால் 'டக்' என்று பாய்வது எது?

"அண்ணா, எனக்கு 24 வயது, உப்புவெளி. பந்து விளையாடுறனான். இரண்டு வருசத்துக்குள்ள வலது கால் நாலு தரம் பிரண்டிட்டுது. கடைசியாப் பிரண்டு மூண்டு மாசம். வீக்கம் வத்திட்டுது, ஆனா வெளிப்பக்க மொளிக்குப் பின்னால நோ விடேல்ல. காலைச் சுழட்டினா 'டக்' எண்டு ஏதோ பாயுது. எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லையாம். காலமையில கடற்கரையால நிலாவெளிப் பக்கம் ஓடி, றோட்டால திரும்பி வாறனான். என்ன பயிற்சி செய்து இதைப் பலமாக்கலாம்?"

தம்பி, பயிற்சிக்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. அந்த 'டக்' எங்கே விழுகிறது என்று உங்கள் விரலாலேயே கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி உதவுமா, வீணாகுமா என்பது அதில்தான் இருக்கிறது. நான் பிசியோவாக வேலை செய்யத் தொடங்கிய காலத்தில் இதைச் சரியாகப் பார்க்காமல் ஒரு பிள்ளையின் மூன்று மாதத்தை வீணாக்கியிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கதிரையில் இருந்து வலது காலைத் தரையில் படாமல் தொங்க விடுங்கள். வெளிமொளிக்குப் பின்னால், அதற்கும் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு பிடிக்கும் தடித்த நாணுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். இரண்டு விரலை அதில் வையுங்கள். இப்போது பாதத்தின் சின்னவிரல் பக்கத்தை வெளியே தள்ளுங்கள். விரலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று இறுகும். அது பார்க்க ஒன்றுதான், உண்மையில் இரண்டு. கெண்டைக்காலின் வெளிப்பக்கத்திலிருந்து இறங்கும் இரண்டு பெரோனியல் தசைகளின் நாண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அந்த எலும்புப் பள்ளத்தில் ஓடுகின்றன. குட்டை நாண் எலும்போடு ஒட்டி உள்ளே கிடக்கும். அது பாதத்தின் வெளி விளிம்பில், சின்னவிரலுக்கு நேரே நடுப்பாதத்தில் புடைத்திருக்கும் எலும்பில் போய்ப் பிடிக்கும். நெட்டை நாண் அதன்மேல் கிடந்து, உள்ளங்காலுக்கு அடியால் குறுக்கே போய்ப் பெருவிரலுக்கு நேரே நடுப்பாத எலும்பின் அடியில் பிடிக்கும். இரண்டும் பள்ளத்தை விட்டு முன்னால் பாயாமல் ஒரு தடித்த பட்டி மேலால் மூடி வைத்திருக்கிறது. சாரத்துக்கு இடுப்புப்பட்டி கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால் உள்ளே மடியும்போது மடியாமல் இழுத்துப் பிடிக்க ஓடி வருவது இந்த இரண்டு தசைகளும்தான். பிரளுகிற நொடியில் அவை திடீரென்று முழுப் பலத்தோடு இறுகும். அப்போது சிலருக்கு மூட்டைப் பிணைக்கும் லிகமென்ட் மட்டும் அல்ல, இந்தப் பட்டியும் எலும்பிலிருந்து உரிந்துவிடும். வீக்கம் ஒரே இடத்தில், நோவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் என்பதால் எல்லோரும் அதையும் சுளுக்கு என்றே எடுத்துவிடுகிறோம். வீக்கம் வற்றிய பிறகு 'டக்' மட்டும் மிஞ்சும்.

சரி, சோதனை. விரல் அதே இடத்தில் இருக்கட்டும். பாதத்தை மேலே தூக்கி வெளியே திருப்புங்கள். யாராவது ஒருவர் பாதத்தின் வெளி விளிம்பில் கை வைத்து அதை எதிர்த்து உள்ளே தள்ளட்டும். பிறகு மெதுவாக வட்டமாகச் சுழற்றுங்கள். முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நோ கூடினால் நிறுத்திவிடுங்கள், பத்துத் தரம் செய்து பார்க்கிற விளையாட்டு அல்ல இது.

கயிறு விரலை உதறிக்கொண்டு மொளி எலும்பின் மேலே ஏறி முன்னால் வந்து, திரும்பப் பள்ளத்துக்குள் விழுந்தால், பட்டி விட்டுப்போயிருக்கிறது. வீடியோவில் தோலுக்கடியில் அது உருளுவது கண்ணுக்கே தெரியும். கயிறு பள்ளத்தை விட்டு வெளியே வரவே இல்லை, ஆனால் விரலுக்கு அடியில் 'டக்' என்கிறது என்றால் பட்டி இருக்கிறது; உள்ளே இரண்டு நாணும் ஒன்றை ஒன்று தாண்டி இடம் மாறுகின்றன, அல்லது அவற்றின் உறை தடித்து உராய்கிறது. சத்தம் மொளிக்கு முன்னாலோ மூட்டுக்குள்ளே ஆழத்திலோ வந்தால் இது வேறு கதை: முன் லிகமென்ட், அல்லது மூட்டுக்குள் குருத்தெலும்பு. அங்கே பெரோனியல் பயிற்சி மட்டும் போதாது. நோவே இல்லாத சத்தத்தை விட்டுவிடலாம், பாதி ஊருக்குக் கணுக்கால் சத்தம் போடும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் நோவு மொளிக்குப் பின்னால், வீக்கம் இல்லை, மூன்று மாதம். அது நாண் எரிச்சலுக்குப் பொருந்துகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பது எலும்பு உடையவில்லை என்று மட்டும்தான் சொல்லும். நாணையோ பட்டியையோ எக்ஸ்ரே காட்டாது. ஒரு விதிவிலக்கு உண்டு. பட்டி உரியும்போது மொளியின் வெளி விளிம்பிலிருந்து ஒரு சின்ன எலும்புச் செதிலையும் சேர்த்து உரித்திருந்தால், அது மட்டும் ஒரு மெல்லிய கீறலாகத் தெரியும். சுளுக்கு என்று நினைத்துப் பார்க்கிற கண்ணுக்கு அது லேசில் தப்பிவிடும். படத்தை எறியாமல் வைத்திருங்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கதை. வலைப்பந்தாட்டக்காரி, 17 வயது. மூன்று தரம் பிரண்ட கால், அதே 'டக்'. நான் விரல் வைத்துப் பார்த்தேன், ஆனால் படுக்க வைத்து, காலைச் சும்மா விட்டபடி. எதிர்த்துத் தள்ளச் சொல்லவில்லை. ரப்பர் பயிற்சி கொடுத்தேன். பிள்ளை ஒழுங்காகச் செய்தது, தசை நன்றாக வளர்ந்தது, 'டக்' கூடியது! பலம் கூடக்கூட நாணை எலும்பின்மேல் இன்னும் பலமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். பட்டி இல்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் பட்டியை முளைக்க வைக்காது. கடைசியில் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போய், பட்டியைத் திரும்பப் பொருத்தி, பள்ளத்தையும் ஆழமாக்க வேண்டி வந்தது. புதிதாக விட்டுப்போன பட்டிக்கு ஆறு கிழமை அளவில் பிளாஸ்டர் போட்டுப் பார்ப்பார்கள், அதிலும் பாதிக்குக் கிட்டப் பேருக்கு மறுபடி விட்டுவிடும். மூன்று மாதம் கடந்து, விளையாட்டையும் விட முடியாது என்றால் பெரும்பாலும் கத்திதான்.

ஆகவே உங்கள் கயிறு எலும்பின்மேல் ஏறினால் கீழே எழுதுவதைத் தொடங்க வேண்டாம். எலும்பு டொக்டரிடம் போய், காலை அசைத்து அசைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் கேளுங்கள். அசையாமல் படுத்திருக்கும்போது எடுத்த ஸ்கானில் நாண் நல்ல பிள்ளை மாதிரித் தன் பள்ளத்தில் இருக்கும். "டக் என்று வரும்போது பாருங்கோ" என்று நீங்களே சொல்லுங்கள், வீடியோவையும் காட்டுங்கள்.

ஏறவில்லை என்றால், முதல் வேலை நாணைத் தினமும் நோகவைப்பது எது என்று பார்ப்பது. உங்கள் விஷயத்தில் அது கேள்வியிலேயே இருக்கிறது. உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் கரையால் ஓடினால் கடல் உங்கள் வலப்பக்கம். மணல் கடலை நோக்கிச் சரிகிறது. சரிவில் தாழ்ந்த பக்கம் நிற்கிற கால் உள்ளே மடிந்தபடிதான் தரையில் பதியும். அதாவது ஒவ்வொரு அடிக்கும் உங்கள் வலது கால் பிரளுகிற திசையில் பாதி தூரம் போய்விடுகிறது, பெரோனியல் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. திரும்பிக் கரையால் வந்தாலாவது இடது கால் அந்தப் பங்கை எடுக்கும். நீங்கள் றோட்டால் வருகிறீர்கள். வாகனத்தைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்று வலது ஓரத்தால் வந்தால், றோட்டின் சரிவும் வலப்பக்கம்தான். போகும்போதும் வலது கால், வரும்போதும் வலது கால்!

கரைவலை இழுக்கிற ஒருவரைப் பார்த்தேன், முப்பதை எட்டிய வயது. அவருக்கும் இதே சரிவுதான். கரைக்குப் பக்கவாட்டாக நின்று கால் ஊன்றி இழுக்கையில் நோகும் கால் எப்போதும் கடல் பக்கம். வேலையை விடச் சொல்ல முடியாது, அது அவர்களின் சோறு. சம்மாட்டியோடு கதைத்து, வலையின் மற்றக் கயிற்றுப் பக்கம் மாறினார். நோகும் கால் கரை மேட்டுக்கு வந்தது. இரண்டு கிழமையில், வேறு ஒன்றும் செய்யாமலே, காலையில் எழும்பும்போது இருந்த நோ அரைவாசியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பயிற்சி தொடங்கினோம். உங்களுக்கும் அதே: சரிவில் ஓடுவதை ஆறு கிழமைக்கு நிறுத்துங்கள். ஓடியே ஆக வேண்டும் என்றால் மைதானத்தின் சமதரையில், சப்பாத்தோடு, நோகாத தூரம்.

நாண் எரிச்சலுக்குப் பயிற்சியில் இரண்டே கட்டுப்பாடு. செய்யும்போது நோ பத்துக்கு மூன்றைத் தாண்டக்கூடாது, அடுத்த நாள் காலையில் முன்னைய நாளை விடக் கூடியிருக்கக்கூடாது. மற்றது, 'டக்' விழுகிற இடத்துக்குப் பாதத்தைக் கொண்டுபோகக்கூடாது. அந்த அசைவுக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நில்லுங்கள். ஒவ்வொரு 'டக்'கும் உறையை ஒருமுறை தேய்க்கிறது. "பலமாக வேண்டும்" என்று சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறவர்கள் மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் இரண்டு கிழமை அசையாமல் தள்ளுவது. சுவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, வலது பாதத்தின் வெளி விளிம்பு சுவரில் படும்படி வையுங்கள். பாதம் தரையில் சமனாக இருக்கட்டும். இப்போது சின்னவிரல் பக்கத்தால் சுவரைத் தள்ளுங்கள், முழுப் பலத்தில் பாதிக்கு மேல், முக்காலுக்குள். 40 செக்கன் பிடித்து, ஒரு நிமிடம் ஆறி, ஐந்து தரம். காலையும் பின்னேரமும். சுவர் அசையாது, பாதமும் அசையாது, ஆகவே 'டக்'குக்கு இடமே இல்லை. பலருக்கு இதைச் செய்து முடிந்ததும் சற்று நேரம் நோ குறைந்திருக்கும்.

இதற்குப் பிறகு ரப்பர். கடைப் பட்டை தேவையில்லை, சைக்கிள் கடையில் எறிகிற பழைய ரியூப் ஒன்றை வால்வுப் பகுதியை வெட்டிவிட்டு எடுங்கள். ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மற்ற முனையை வளையமாக்கி வலது பாதத்தின் முன்பகுதியில் மாட்டுங்கள். கட்டில் உங்கள் இடப்பக்கம் இருக்க வேண்டும். குதிகாலைச் சுருட்டிய துவாயில் வைத்து, பாதத்தை இரண்டு செக்கனில் வெளியே தள்ளி, நாலு செக்கனில் மெல்லத் திரும்ப விடுங்கள். திரும்ப விடுவதுதான் முக்கியமான பாதி. பிரளும்போது தசை செய்ய வேண்டிய வேலை அதுதான், நீண்டுகொண்டே பிடிப்பது. 15 தரம், மூன்று சுற்று, ஒன்றுவிட்ட ஒரு நாள். கடைசி மூன்று தரம் கஷ்டமாக இல்லாவிட்டால் கதிரையைத் தள்ளிப் போட்டு ரியூபை இறுக்குங்கள்.

இங்கே எல்லோரும் விடுகிற பிழை ஒன்று. பாதம் வெளியே போவது போல் இருக்கும், ஆனால் உண்மையில் முழங்கால் உள்ளே சாய்ந்து தொடை திரும்பிக்கொண்டிருக்கும். தொடைக்குப் பயிற்சி, பெரோனியலுக்கு விடுமுறை! இடது கையை முழங்காலில் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் அசைந்தால் ரியூப் கூட இறுக்கம் என்று அர்த்தம்.

நாலாம் கிழமை அளவில் நின்றபடி குதிகால் தூக்குவது. சும்மா தூக்குவதை எல்லோரும் செய்வார்கள். நெட்டை நாண் பெருவிரல் பக்கத்து எலும்பில் பிடிக்கிறது என்றேனே, அதற்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் பாரம் பெருவிரல் அடியிலேயே இருக்க வேண்டும். பிரண்ட கால்காரர் தூக்கும்போது பாரம் அவர்களுக்குத் தெரியாமலே சின்னவிரல் பக்கம் நழுவும். அது பிரளுகிற நிலை. பெருவிரலின் அடி மேட்டுக்குக் கீழே ஒரு காகிதத்துண்டை வைத்து, தம்பியையோ தங்கச்சியையோ இழுக்கச் சொல்லுங்கள். மேலே நிற்கையில் காகிதம் உருவப்பட்டு வந்தால் நீங்கள் நழுவிவிட்டீர்கள். முதலில் இரண்டு காலாலும், 15 தரம் மூன்று சுற்று நோகாமல் முடிந்த பிறகு ஒற்றைக் காலால். கூடவே பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், முதலில் கண் திறந்து 30 செக்கன், பிறகு சுவருக்கருகே கண்ணை மூடி. பிரண்ட லிகமென்ட் பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் செய்தியைப் பிந்தி அனுப்புகிறது. தசை எவ்வளவு பலமானாலும் செய்தி பிந்தினால் அது பிந்தித்தான் இறுகும். நாலாம் தரம் பிரண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கரைவலைக்காரருக்கு நான் எண்ணியதைச் சொல்கிறேன். தொடங்கும்போது ஒற்றைக் காலில் குதிகால் தூக்க, நல்ல காலால் 19 தரம், நோகிற காலால் 6. அவர் நம்பவே இல்லை, "மற்றக் கால் மாதிரித்தானே இருக்கு" என்றார். மூன்றாம் கிழமையில் ரியூபை ஒரேயடியாக இறுக்கி, அடுத்த இரண்டு நாள் நொண்டினார். நிறுத்தவில்லை, ஒரு படி தளர்த்தினோம், நாலு நாளில் பழைய நிலை. எட்டாம் கிழமையில் 13, பன்னிரண்டாம் கிழமையில் 17. 'டக்' முற்றாகப் போகவில்லை, எப்போதாவது விழுகிறது, நோவில்லை. அதைத் துரத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாண் பாரத்துக்குப் பழக மூன்று மாதமாவது எடுக்கும். இரண்டு கிழமையில் நோ குறைந்ததும் மைதானத்துக்கு ஓடுகிறவர்கள்தான் எனக்கு நிரந்தர வாடிக்கையாளர்கள்.

பந்துக்குத் திரும்புவது கலண்டரைப் பார்த்து அல்ல. நல்ல கால் 20 தரம் தூக்கினால் நோகும் கால் 18ஆவது தூக்க வேண்டும். அதற்குப் பிறகு தரையில் கோடு போட்டு, ஒற்றைக் காலால் அதைத் தாண்டிப் பக்கவாட்டாகக் குதித்துப் பாருங்கள், அரைமுழ அகலம் போதும். நோவில்லை, அடுத்த நாள் காலையும் நோவில்லை என்றால் முதலில் நேராக ஓட்டம், அப்புறம் எட்டுப் போட்டு ஓடுவது, கடைசியில்தான் ஆளோடு மோதுகிற விளையாட்டு. முதல் சில மாதங்களுக்கு லேஸ் கட்டுகிற கணுக்கால் உறை போடுங்கள். அது பிரளுவதைத் தடுக்கும். நாணைப் பள்ளத்தில் பிடித்து வைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்றைப் பாருங்கள். பழைய சப்பாத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், வலது குதியின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? நேராக நிற்கையில் யாராவது பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கட்டும். குதிகால் உள்ளே சாய்ந்து, பாதவளைவு உயரமாக இருந்தால் உங்கள் பெரோனியல் பிறந்ததிலிருந்தே அதிக வேலை செய்கிறது. அப்படியானவர்களுக்குச் சப்பாத்துக்குள் குதியின் வெளிப்பக்கம் சில மில்லிமீற்றர் உயர்த்தினால் பெரிய வித்தியாசம் வரும். ஆனால் அளவை ஆளைப் பார்த்துத்தான் சொல்லலாம். தேய்ந்த ரப்பர் செருப்போடு நடப்பதை எப்படியும் விடுங்கள்.

வீட்டில் கட்டாயம் நோவெண்ணெய் போட்டு உருவச் சொல்வார்கள். தோலில் பூசினால் தொல்லையில்லை. மொளிக்குப் பின்னால் பெருவிரலை அழுத்தி உருவினாலோ, "சுளுக்கெடுக்க" என்று காலைப் பிடித்து வெட்டி இழுத்தாலோ எரிச்சலுள்ள நாணை எலும்போடு வைத்துத் தேய்ப்பது போலத்தான். அதே இடத்தில் ஸ்டீரொயிட் ஊசி போடலாமா என்று யாராவது சொன்னாலும் ஸ்கான் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். உள்ளே கிடக்கும் குட்டை நாண், நெட்டைக்கும் எலும்புக்கும் நடுவில் நசிந்து நீளவாக்கில் பிளப்பது இந்தக் கூட்டத்தில் அரிதல்ல. பிளந்த நாணில் அந்த ஊசி போட்டால் அறுந்துபோகும் அபாயம் இருக்கிறது.

அந்தப் பிளவைச் சந்தேகிக்க வைப்பது இவை: நாணின் வழியே விட்டுவிட்டு வரும் வீக்கம், பள்ளத்தில் ஒரே ஒரு இடத்தில் விரல் வைக்க முடியாத நோ, பாதத்தை வெளியே தள்ளும் பலம் மற்றக் காலை விடத் தெளிவாகக் குறைவு, பன்னிரண்டு கிழமை ஒழுங்காகச் செய்தும் எண்ணிக்கை ஏறாமை. இவற்றில் ஒன்று இருந்தால் ஸ்கானுக்குப் போங்கள். திரும்பப் பிரண்டு நாலு அடி வைக்க முடியாமல் போனாலோ, மொளியின் பின் விளிம்பிலோ நடுப்பாத வெளி விளிம்பில் நான் சொன்ன அந்தப் புடைப்பிலோ எலும்பை அழுத்த நொந்தாலோ அன்றைக்கே புது எக்ஸ்ரே எடுக்க வேண்டும், பழைய படத்தை நம்பிக்கொண்டு இருக்கக்கூடாது.

விரல் சோதனையை இன்றைக்குப் பின்னேரமே செய்துவிட்டு, கயிறு ஏறியதா இல்லையா என்று எழுதுங்கள். ஒவ்வொரு காலாலும் தனித்தனியே குதிகால் எத்தனை தரம் தூக்க முடிகிறது என்ற எண்ணிக்கையும் வேண்டும், ஆனால் கயிறு ஏறாவிட்டால் மட்டும்.